மலை இறக்கத்தில் பிரேக் ஏன் சோர்ந்துபோகிறது?

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது. மொத்தம் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் ஏறி வரலாம், இறங்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் சில ஆண்டுகளாகவே கட்டுப்பாடு வைத்திருக்கிறது. சமவெளியில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஏற்றம்தானே கஷ்டம்? ஏற்றத்தில் திணறுவது எஞ்சின்; அது முடியாமல் போனால் வண்டி நின்றுவிடும். இறக்கத்தில் திணறுவது பிரேக். அது முடியாமல் போனால் வண்டி நிற்காது.

இப்படி பிரேக் கைவிடும்போது பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. குழாய் வெடித்திருக்காது, ஆயில் கசிந்திருக்காது. சூடு ஒன்றுதான் காரணம். மெக்கானிக்குகள் ‘பிரேக் ஹீட் ஆயிடுச்சு’ என்பார்கள், பொறியாளர்கள் ‘பிரேக் ஃபேட்’ என்பார்கள். ஆறிய பிறகு அதே பிரேக் ஒழுங்காகப் பிடிக்கும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் “நல்லாத்தானே சார் இருக்கு” என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் இதை ஓட்டும்போதே கண்டுபிடித்தாக வேண்டியிருக்கிறது.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேரும் பெட்டிகளுமாக 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார். இரண்டு ஊர்களுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,400 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு எடை வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், வழியில் ஏறத்தாழ 2 கோடி ஜூல் ஆற்றலை எங்காவது தொலைத்தாக வேண்டும். 60 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு அது. முழுவதையும் பிரேக்கின் தலையிலேயே கட்டினால் என்ன ஆகும்? முன் சக்கரத்து டிஸ்க் இரண்டும் சேர்ந்து ஒரு பன்னிரண்டு கிலோ இருக்கும். காற்று கொஞ்சமும் ஆற்றாது என்று வைத்துக்கொண்டால், கணக்கு 3,000 டிகிரியைத் தாண்டுகிறது. வார்ப்பிரும்பு 1,200 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும்.

உண்மையில் டிஸ்க் உருகுவதில்லை. டயரின் உருளல் தடை ஒரு பங்கை விழுங்குகிறது, ஓடும் காற்று டிஸ்க்கைத் தொடர்ந்து ஆற்றுகிறது. மிச்சத்தில் பெரும்பங்கை எஞ்சின் எடுத்துக்கொள்ளும், ஆனால் நாம் விட்டால்தான். கியரில் இருக்கும் வண்டியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். அந்த இழுவையே ஒரு பிரேக். கியர் குறையக் குறைய அது வலுவாகும். நீலகிரி சாலையோரம் ‘இரண்டாவது கியரில் இறங்கவும்’ என்று எழுதி வைத்திருப்பது இதற்காகத்தான். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். அது அந்தக் கால வண்டிகளுக்குப் பொருந்திய பேச்சு. இன்றைய டர்போ வண்டி மூன்றாவது கியரில் அலட்சியமாக மலை ஏறிவிடுகிறது. அதே மூன்றில் இறங்கினால் இழுவை போதாது. பிரேக்கைத் தொடாமலே வண்டி ஏறத்தாழ ஒரே வேகத்தில் இறங்கினால் கியர் சரி. நிமிடத்துக்கொரு முறை பிரேக் தேவைப்பட்டால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும்.

நம் கார்க்காரர் மூன்றிலோ நான்கிலோ, பெடலின் மேல் லேசாகக் காலை வைத்தபடியே இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சிக்கல் இரண்டு வழியாக வரலாம். இரண்டும் காலுக்கு வேறு வேறு மாதிரி தெரியும்.

முதலாவது, பேட் சூடேறுவது. பிரேக் பேட் என்பது இழை, உலோகத்தூள் முதலியவற்றை ரெசின் கொண்டு இறுக்கிய கட்டி. சாதாரண கார்களின் பேட் ஒரு முந்நூறு, நானூறு டிகிரி வரை டிஸ்க்கை நன்றாகக் கவ்வும். அதற்கு மேல் ரெசின் சிதையத் தொடங்கி, வாயு கிளம்பி, பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே வழுக்கல் வந்துவிடும். மாற்றி அதிக நாள் ஆகாத புது பேட்டில் இது இன்னும் சீக்கிரம் வரும். மலையேறும் முதல் நாள் புது பேட் போட்டுக்கொண்டு கிளம்புவது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை. இந்த நிலையில் பெடல் கெட்டியாகவே இருக்கும். வழக்கமான இடத்திலேயே நிற்கும். ஆனால் வண்டி நிற்காது. முன்பு லேசாகத் தொட்டதற்குக் குறைந்த வேகம், இப்போது பலமாக மிதித்தும் குறையாது.

இரண்டாவது, ஆயில் கொதிப்பது. பெடலை மிதிக்கும் விசையைச் சக்கரம் வரை கொண்டுபோவது பிரேக் ஆயில். அதை அழுத்திச் சுருக்க முடியாது. அதன் பயனே அதுதான். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ரப்பர் குழாய் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் நூற்றுக்கு நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவாக ஈரம் சேர்ந்துவிட்டால், 155 டிகிரி வரை தாங்கினால் போதும் என்று அதே விதி சொல்கிறது. ஐந்தாறு வருடம் மாற்றாமல் விட்ட ஆயில் இந்தத் தரத்தில்தான் இருக்கும். பேட்டின் சூடு கேலிப்பர் பிஸ்டன் வழியாக ஆயிலுக்குப் போய், கொதித்து, ஆவிக் குமிழ்கள் உண்டாகும். ஆவி சுருங்கும். மிதிக்கும் விசையெல்லாம் குமிழைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். பெடல் பஞ்சு மாதிரி ஆகி, கடைசியில் தரை வரை போய்விடும்.

கெட்டியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் பேட், தொளதொளவென்று உள்ளே போனால் ஆயில். பின் சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால் பெடல் கொஞ்சம் கூடுதலாக உள்ளே போகும். ஸ்கூட்டர் என்றால் லிவர் கைப்பிடியை நோக்கி நெருங்கி வரும்.

இவை திடீரென்று வருவதில்லை. முதலில் பெரும்பாலும் வாசனை வரும்: ரப்பரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கருகுவது போன்ற நெடி. எல்லோரும் முன்னால் போகும் லாரியைத்தான் சந்தேகிப்பார்கள். அடுத்து, ஒரே மாதிரி வளைவுக்கு முந்தைய வளைவைவிடச் சற்று முன்கூட்டியே மிதிக்க வேண்டிவரும். பெடல் ஒரு விரற்கடை கூடுதலாக இறங்கும், அல்லது லேசாக அதிரும். சக்கரத்திலிருந்து புகை தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் அது ஆரம்ப அறிகுறியே அல்ல. இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. குன்னூரில் கிளம்புமுன், எஞ்சின் ஓடும்போது பெடலை ஒருமுறை நன்றாக மிதித்து, எந்த உயரத்தில் நிற்கிறது என்று காலில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்ச்சாலை வரும் இடங்களில், தேவையில்லாவிட்டாலும், லேசாக மிதித்து அந்த உயரம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வளைவில் நுழைந்த பிறகு தெரிந்து பயனில்லை.

பாதி வழியில் பர்லியாறு. பழக்கடை, டீக்கடை, குரங்குகள். எல்லோரும் நிறுத்துவார்கள். இங்கேதான் பலருக்குத் தெரியாத கண்ணி இருக்கிறது. ஓடும்வரை காற்று டிஸ்க்கை ஆற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தியதும் காற்று நின்றுவிடும். டிஸ்க்கிலும் பேட்டிலும் தேங்கிய சூடு மெல்லக் கேலிப்பருக்குள் இறங்கும். ஓடும்போது கொதிக்காத ஆயில், நிறுத்திய சில நிமிடங்களில் கொதிக்கக்கூடும். மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு வந்து வண்டியை எடுத்தால், முதல் வளைவில் பெடல் உள்ளே போகும். ஆகவே சூடேறிய சந்தேகம் இருந்தால், நிறுத்துவதற்கு முன் கடைசி ஒரு கிலோமீட்டரைச் சின்ன கியரில், கூடிய வரை பிரேக் தொடாமல் ஓட்டுங்கள். நிறுத்திய பிறகு பெடலின் மேல் காலை அழுத்தி வைத்திருக்காமல், கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரைமணி நேரமாவது ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிப்போகும், விரிசலும் விடலாம். கிளம்புமுன் நின்ற இடத்திலேயே பெடலை மிதித்துப் பாருங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெடல் உள்ளே போய்விட்டால், விட்டு விட்டு வேகமாகப் பலமுறை மிதித்தால் சில சமயம் கொஞ்சம் அழுத்தம் திரும்பி வரும். அதே நேரம் கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கேபிள் மூலம் இயங்கும் ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் தேவையில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

இதையெல்லாம் தேவையில்லாமல் வரவழைத்துக்கொள்ளும் வழி, நியூட்ரலில் இறங்குவது. தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் பிடிக்க லாரிகள் இப்படி இறங்குவதும், அதைத் தடுக்கப் போலீஸார் மன்றாடுவதும் பழைய கதை. மிச்சம் என்பதே தப்புக்கணக்கு. இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்காக எண்ணெய் எரிகிறது. இன்னும் ஒருபடி மேலே போய் எஞ்சினையே அணைத்துவிடுபவர்களுக்கு, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பூஸ்டரின் உதவியும் போய்விடும்.

கியரே இல்லாத வண்டிகளுக்கு வேறு கவலை. ஆட்டோமேட்டிக் காரில் எல், 2 அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். டி-யிலேயே விட்டுவிட்டால் வண்டி தானாகவே மேல் கியருக்குப் போகும். வாடகை ஸ்கூட்டரில் அந்த வசதியும் கிடையாது. வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், இழுவை போய்விடும்; இரண்டு பிரேக்கையும் பகிர்ந்து பிடித்து, அடிக்கடி நின்று போவதுதான் வழி. மின்சாரக் காரில் இறக்கத்தின் ஆற்றல் பேட்டரிக்கே திரும்புவதால் பிரேக்குக்கு வேலை குறைவு. ஆனால் ஊட்டி விடுதியில் இரவெல்லாம் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டால் பேட்டரியில் இடம் இருக்காது, சுமை முழுவதும் பேட்டின் மேல் விழும்.

ஊர் திரும்பிய பிறகு ஒர்க்‌ஷாப்பில் “பிரேக் பாருங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆயிலை எப்போது மாற்றியது என்று கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் முழுவதும் இறக்கி மாற்றச் சொல்லுங்கள். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவது, ஈரம் சேர்ந்த பழைய ஆயிலோடு புதியதைக் கலப்பதுதான். பேட்டைக் கழற்றச் சொல்லி அதன் முகத்தை நீங்களே பாருங்கள். சொரசொரப்பாக, மங்கலாக இருக்க வேண்டிய பரப்பு கண்ணாடி மாதிரி மினுங்கினாலோ, டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தாலோ, அது சூட்டில் வெந்திருக்கிறது.