மாதம் ஒரு லட்சம் என்றால் மணிக்கு எவ்வளவு?

வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கணக்குப் போடுகிறார்கள். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆண்டுக்கு 12 லட்சம் சம்பளம் வாங்கும் கிராபிக் டிசைனர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 365 நாளில் சனி, ஞாயிறு 104 போக 261 நாள். நாளுக்கு 8 மணி நேரம் வைத்தால் 2,088 மணி. 12 லட்சத்தை அதால் வகுத்தால் 575 ரூபாய். மணிக்கு 600 என்று முழுமையாக்கி, சம்பளத்தைவிடக் கூடவே வரும் என்ற நம்பிக்கையோடு முதல் கொட்டேஷனை அனுப்பிவிடுவார்.

ஓராண்டு கழித்துப் பார்த்தால் கையில் மாதம் 40 ஆயிரம்கூட மிஞ்சாது. வேலை வராததால் அல்ல. வகுத்த எண்ணும் தவறு, வகுபட்ட எண்ணும் தவறு.

முதலில் மணி நேரத்தைப் பார்ப்போம், பெரிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது. சம்பளக்காரருக்குப் பொங்கலன்றும் சம்பளம் உண்டு, காய்ச்சலில் படுத்தாலும் உண்டு. ஃப்ரீலான்ஸருக்கு அந்த நாட்களில் ஒரு ரூபாய் வராது. 261 நாளில் பண்டிகை, அரசு விடுமுறைக்கு 12 நாள் கழியுங்கள். ஊருக்குப் போக, கல்யாணம் காட்சிக்கு 15 நாள். உடம்பு சரியில்லாமலும் வீட்டில் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதிலும் 8 நாள். மீதி 226. இதில் ஒரு வேலை முடிந்து அடுத்தது கைக்கு வரும்வரை சும்மா இருக்கும் நாட்கள் வேறு இருக்கின்றன. அவற்றை யாரும் முன்கூட்டி எழுதிவைப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் வரும். ஆண்டுக்கு 26 நாள் என்று வைத்தால் 200 நாள் மிஞ்சும்.

அந்த 200 நாளிலும் எட்டு மணி நேரத்துக்கும் பில் போட முடியாது. புது க்ளையண்டோடு ஒரு மணி நேரம் பேசினால் அது பில்லில் வராது. கொட்டேஷன் எழுதுவது, இன்வாய்ஸ் அனுப்புவது, “சார், போன மாதப் பேமென்ட் இன்னும் வரலை” என்று மூன்று முறை போன் செய்வது, புது மென்பொருள் கற்றுக்கொள்வது, பழைய கோப்புகளைத் தேடி எடுத்துத் தருவது எல்லாமே வேலைதான், ஆனால் பணம் வராத வேலை. நாளுக்கு 5 மணி நேரம் பில் போட முடிந்தால் அதை நல்ல நாள் என்றே சொல்லவேண்டும். ஆக 200 நாளுக்கு 1,000 மணி. 2,088 என்று நினைத்தது பாதிக்கும் கீழே வந்துவிட்டது.

இந்த ஆயிரம் எல்லோருக்கும் பொருந்தாது. ஒரே க்ளையண்டுக்கு மாதக்கணக்கில் வேலை செய்பவருக்கு 1,200கூடக் கிடைக்கலாம். சின்னச் சின்ன லோகோ, அழைப்பிதழ் வேலை செய்பவருக்கு 800 கிடைப்பதே கஷ்டம், ஏனென்றால் ஒவ்வொரு சிறு வேலைக்கும் பேச்சும் பில்லும் தனித்தனி. தன் எண் எது என்று அறிய, மூன்று மாதம் ஒரு நோட்டில் தினமும் எழுதிவந்தால் போதும்: இன்று எத்தனை மணி உழைத்தேன், அதில் எத்தனை மணிக்குப் பணம் வரும்.

இனி மேலே இருக்கும் எண்ணுக்கு வருவோம். 12 லட்சம் என்பது சம்பளச் சீட்டில் தெரியும் தொகை. அதற்கு வெளியே கம்பெனி செலுத்திவந்த பணம் உண்டு. அடிப்படைச் சம்பளம் மாதம் 50 ஆயிரம் என்றால், கம்பெனியின் பிஎஃப் பங்கு 12 சதவீதம், ஆண்டுக்கு 72,000. கிராஜுவிட்டி என்பது ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 வேலைநாளாகக் கொள்ளும் விதிப்படி சுமார் 29,000. குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீட்டைத் தனியாக எடுத்தால் 30,000 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் சேர்த்தால் 12 லட்சம் 13 லட்சத்து 31 ஆயிரம் ஆகிறது. இது பேராசை இல்லை, பழைய வேலையில் இருந்த அதே நிலைமைதான்.

அடுத்தது வரி. பலரும் தடுமாறும் இடம் இது. 2025-26 நிதியாண்டின் புதிய வரித் திட்டத்தில், வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் தள்ளுபடி கிடைத்து வரி பூஜ்யமாகிவிடும். சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவு வேறு உண்டு. எனவே நம் டிசைனர் கம்பெனியில் இருந்தவரை அவருக்கு வரிக்குரிய வருமானம் 11.25 லட்சம், வரி ஒரு ரூபாய்கூட இல்லை. கம்பெனி கட்டிய பிஎஃப் பங்குக்கும் காப்பீட்டுக்கும் வரி கிடையாது.

அதே மதிப்புள்ள பணத்தை அவரே சம்பாதிக்கும்போது கதை மாறுகிறது. நிலைக்கழிவு கிடையாது. வயதான காலத்துக்கு ஒதுக்கும் பணமும் காப்பீட்டுப் பிரீமியமும் தொழில் செலவில் சேராது, அவையும் வருமானம்தான். 13.31 லட்சம் கையில் நிற்கவேண்டுமானால் வருமானம் 12 லட்சத்தைத் தாண்டியே தீரும். தாண்டினால் தள்ளுபடி போய்விடும். 4 லட்சத்துக்கு மேல் 5 சதவீதம், 8 லட்சத்துக்கு மேல் 10, 12 லட்சத்துக்கு மேல் 15 என்று படிப்படியாக வரி விழும், அதன்மேல் 4 சதவீதம் செஸ். வரி கட்டுவதற்காகக் கூடுதலாக ஈட்டும் பணத்துக்கும் வரி உண்டு என்பதால் வரித்தொகையை அப்படியே கூட்டினால் போதாது, கொஞ்சம் மேலே போகவேண்டும். கணக்குப் போட்டால் லாபம் 14 லட்சத்து 29 ஆயிரம் வரவேண்டும். அதில் வரி சுமார் 98,000 போனால் 13.31 லட்சம் நிற்கும். சம்பளத்தில் இல்லாத ஒரு லட்ச ரூபாய்ச் செலவு இங்கே புதிதாக முளைத்திருக்கிறது.

கடைசியாகத் தொழில் செலவு. 1,60,000 ரூபாய்க் கணினி நான்கு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு 40,000. மென்பொருள் சந்தாவும் எழுத்துருக்களும் 60,000. இணையம், மின்சாரம், யுபிஎஸ் 30,000. ஆடிட்டருக்கு 20,000. மொத்தம் ஒன்றரை லட்சம். ஆக ஆண்டுக்குப் பில் போடவேண்டிய தொகை 15 லட்சத்து 79 ஆயிரம். 1,000 மணியால் வகுத்தால் மணிக்கு 1,579. 1,580 என்று வைத்துக்கொள்ளலாம். 575க்கும் இதற்கும் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மடங்கு வித்தியாசம். 575 ரூபாய்க்கே அந்த ஆயிரம் மணியும் விற்றிருந்தால் 5.75 லட்சம் வந்திருக்கும். செலவு போக மாதம் 35,000.

இங்கே தொழில் எது என்பதைப் பொறுத்து ஒரு பெரிய மாற்றம் வரும். மருத்துவர், வழக்கறிஞர், ஆர்க்கிடெக்ட், இன்டீரியர் டிசைனர், ஐடி துறையினர் போன்ற சில தொழில்களை வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவு தனியே பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவர், வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், மொத்த வரவில் பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டலாம். நம் டிசைனர் ஒரு மென்பொருள் எழுதுபவராக இருந்திருந்தால், வரிக்குரிய வருமானம் 8 லட்சத்துக்குள் அடங்கி வரியே இல்லாமல் போயிருக்கும். மணிக்கு நூறு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் கட்டுப்படியாகும். கிராபிக் டிசைன் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. ஆகவே நண்பர் ஒருவர் “பாதிக்குத்தான்பா வரி” என்று சொல்வதைக் கேட்டு ரேட்டை முடிவு செய்யாமல், தன் தொழிலுக்கு எது பொருந்தும் என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

டிடிஎஸ் பலரைப் பயமுறுத்துகிறது. 50,000 ரூபாய்க்குப் பில் போட்டால் கம்பெனி பெரும்பாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 45,000 அனுப்பும். இது இழப்பு இல்லை, முன்கூட்டியே கட்டிய வரி. அதனால் ரேட்டில் இதற்காகத் தனியே 10 சதவீதம் ஏற்றுவது தவறு. வரியை இரண்டு முறை கூட்டுவதாகிவிடும். ஆனால் நம் கணக்கில் மொத்தப் பில்லுக்கும் பிடித்தால் 1.58 லட்சம் போகும், கட்டவேண்டிய வரியோ 98,000தான். மீதி 60,000 ரிட்டர்ன் தாக்கல் செய்தபின்தான் திரும்பும், அதுவரை அது இல்லாமல் சமாளிக்கவேண்டும். பிடித்த பணத்தைக் கம்பெனி உங்கள் பான் எண்ணில் செலுத்தியதா என்பது 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். காலாண்டுக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்க்காதவர்கள், ஜூலையில் ரிட்டர்ன் போடும்போதுதான் ஒரு க்ளையண்ட் செலுத்தவே இல்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

வெளிநாட்டு க்ளையண்ட் டிடிஎஸ் பிடிக்கமாட்டார். அப்போது வரியை நாமே ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளுக்குள் தவணையாகக் கட்டவேண்டும், தவறினால் மாதம் ஒரு சதவீதம் வட்டி. நம் டிசைனருக்கு எல்லா வேலையும் வெளிநாட்டிலிருந்து வந்தால், வரும் ஒவ்வொரு பேமென்ட்டிலும் 6.5 சதவீதத்தை வேறு கணக்கில் தள்ளிவைத்தால் வரி முழுவதும் அதில் சேர்ந்துவிடும்.

ஜிஎஸ்டி அவரை இன்னும் தொடவில்லை. சேவைத் தொழிலுக்கு எல்லை ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம், அவருடையது 16 லட்சத்துக்குள். எல்லையைத் தாண்டினால் 18 சதவீதம் சேர்த்துப் பில் போடவேண்டும். கம்பெனிகள் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கழித்துக்கொள்ளும்; பள்ளிக்கூடமோ கிளினிக்கோ கழிக்க முடியாது, அவர்களுக்கு அது முழு விலையேற்றம்.

1,580 என்ற எண்ணைக் க்ளையண்டிடம் சொல்லவேண்டும் என்றில்லை. ஒரு பிரசுரத்துக்கு 20 மணி ஆகும் என்றால் 31,600 என்று மொத்தமாகச் சொல்லலாம். ஆனால் பேரம் வரும்போது அந்த எண் தேவைப்படும். “தொடர்ந்து வேலை தர்றோம் மேடம், ரேட்டை முப்பது பர்சென்ட் குறைச்சுக்குங்க” என்று ஒரு கம்பெனி ஆண்டுக்கு 400 மணி வேலை உறுதி தருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதனால் சும்மா இருக்கும் 26 நாள் 10 ஆகக் குறைந்தால், 16 நாள், அதாவது 80 மணி கூடுதலாக விற்கலாம்; அதன் மதிப்பு 1.26 லட்சம். அந்த லாபம் முழுவதையும் 400 மணியில் பகிர்ந்து கொடுத்தால் மணிக்கு 316 குறைக்கலாம், அது 20 சதவீதம். அப்போதுகூட 80 மணி கூடுதலாக உழைத்து அதே வருமானம்தான். 30 சதவீதம் என்றால் கைநஷ்டம். பத்து சதவீதத்தில் நின்றால் கிடைத்த லாபத்தை இருவரும் சமமாகப் பங்குபோட்டதாக ஆகும், மணிக்கு 1,420. அதற்கும் கீழே இறங்கச் சொன்னால், பணத்தைப் பதினைந்து நாளில் தருவார்களா, எத்தனை திருத்தம் வரை இந்த விலை என்று பதிலுக்குக் கேட்கலாம்.