பத்தாயிரமா, ஆயிரமா? பர்மியச் சந்தையில் ஒரு பேரம்

மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயிலிருந்து வாசலைத் தாண்டினால் மியான்மர்ப் பக்கத்தில் நம்பலோங் சந்தை. அதற்கு அப்பால் தமு நகரம். பர்மாவில் 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசுடைமை ஆக்கியபோது, பல லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதித் தமிழர்கள் மோரேயில் தங்கிவிட்டார்கள். கடந்த சில ஆண்டுகளில் அந்த எல்லை பலமுறை மூடப்பட்டிருக்கிறது. என்றாலும் அங்கேயோ யாங்கோனிலோ துணியும் செருப்பும் வாங்கப் போகிற சிறு வியாபாரிக்குத் தேவைப்படும் பர்மிய மொழி மாறவில்லை. அதில் முக்கியமானவை இரண்டு: பேச்சில் மரியாதை எங்கே உட்காருகிறது என்பதும், விலை எந்த அலகில் சொல்லப்படுகிறது என்பதும்.

ஒரு லுங்கிக் கடையை எடுத்துக்கொள்வோம். கடைக்காரர் ஒரு பெண். வாங்க வந்தவர் தமிழர், ஆண். விலைகள் எடுத்துக்காட்டுக்காகச் சொல்லப்படுபவை. பேச்சு பர்மிய ஒலியிலும், அதற்கு நேரான தமிழிலும் கீழே இருக்கிறது.

கடைக்காரர்: பா யூ-ம-லே, அகோ?
(என்ன எடுக்கிறீங்கண்ணே?)

வியாபாரி: அமா, தி லோன்ஜீ த-ஹ்தே பெ-லௌக்-லே?
(அக்கா, இந்த லுங்கி ஒண்ணு என்ன விலை?)

கடைக்காரர்: த-தௌங் ஹ்ன-ஹ்தௌங் பா ஷின்.
(பன்னிரண்டாயிரங்க.)

வியாபாரி: ஸே-ஜீ-தே நொ. நெ-நே ஷோ-பே-பா-ஓங்.
(விலை கூடவா இருக்கேக்கா. கொஞ்சம் குறைச்சுக் குடுங்களேன்.)

கடைக்காரர்: ம-ய-பா-பூ ஷின்.
(கட்டுப்படியாகாதுங்க.)

வியாபாரி: அ-ஹ்தே ஹ்ன-ஸே யூ-மே. த-தௌங் த-ஹ்தௌங், ய-லா?
(இருபது எடுத்துக்கிறேன். பதினோராயிரம், சரியாக்கா?)

கடைக்காரர்: ய-பா-தே. ஹ்ன-தெய்ன் ஹ்ன-தௌங் பா ஷின்.
(சரிங்க. மொத்தம் 2 லட்சத்து 20 ஆயிரங்க.)

வியாபாரி: ஹோ-கே. சே-ஸூ-தின்-பா-தே கம்யா.
(சரி, ரொம்ப நன்றிங்க.)

இந்தப் பேச்சில் அடிக்கடி காதில் விழுகிற ஒலி 'பா'. வினைச்சொல்லுக்கும் அதன் கடைசி விகுதிக்கும் நடுவில் அது நுழைகிறது. 'ய-தே' என்றால் 'சரி'. 'ய-பா-தே' என்றால் 'சரிங்க'. 'ம-ய-பூ' வெட்டிச் சொல்வது. 'ம-ய-பா-பூ' மரியாதையோடு மறுப்பது. விலை சொல்லும்போது எண்ணுக்குப் பின்னாலும் அது வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் இதற்குத் தனிச்சொல் தேட வேண்டியதில்லை, 'ங்க' போதும். ஒவ்வொரு 'பா'வுக்கும் 'தயவுசெய்து' போட்டால் சந்தைப் பேச்சு மனு எழுதுவதுபோல் ஆகிவிடும். உச்சரிப்பிலும் தமிழருக்கு இது சுலபம். 'கம்பம்' என்று சொல்லும்போது மெல்லெழுத்தை அடுத்த பகரம் எப்படி மெலிகிறதோ, அப்படியே பர்மியத்திலும் உயிரொலிக்கும் மூக்கொலிக்கும் பின்னால் வரும் 'பா' மெலிந்தே ஒலிக்கும்.

குறைக்கச் சொன்ன வரியைப் பிரித்துப் பார்த்தால் தமிழோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது தெரியும். ஷோ என்பது குறைத்தல். பே என்பது கொடுத்தல். நாம் 'குறைச்சுக் குடு' என்கிறோமே, அதே அடுக்கு. பிறகு மரியாதைக்குப் 'பா'. கடைசியில் வரும் 'ஓங்' அந்தக் கட்டளையைக் கெஞ்சலாக இளக்குகிறது. அந்த வேலையைத் தமிழில் 'குடுங்களேன்' என்பதில் உள்ள 'ஏன்' செய்கிறது. முந்தைய வாக்கியத்தின் கடைசியில் வந்த 'நொ' இதற்குத் தோழன். வேகமான பேச்சில் அது ஆங்கில மறுப்பைப் போலக் காதில் விழும். ஆனால் எதிராளியின் ஒப்புதலைத் தேடுகிற சொல் அது. கடைக்காரர் தன் விலையோடு 'நொ' சேர்த்தால் 'இல்லை' என்கிறார் என்று எண்ணி நகர்ந்துவிடக் கூடாது. 'சரிதானே?' என்று கேட்கிறார்.

'ஷின்', 'கம்யா' ஆகிய இரண்டிலும் கவனம் வேண்டும். வாக்கியத்தின் முடிவில் வரும் இந்த மரியாதைச் சொற்கள் கேட்பவரைப் பொறுத்து மாறுவதில்லை, பேசுபவரைப் பொறுத்தே மாறுகின்றன. பெண் பேசினால் ஷின், ஆண் பேசினால் கம்யா. எதிரே நிற்பவர் யாராக இருந்தாலும் இதுதான் விதி. கடைகளில் பெண்களே அதிகம் பேசுவதால், கேட்டுக் கேட்டுப் பழகும் ஆண் வியாபாரி தானும் 'ஷின்' என்று முடித்துவிடுவது உண்டு. அது அவர் தன்னைப் பெண்ணாகச் சொல்லிக்கொள்வதாகும். 'நான்' என்பதிலும் இதே பிரிவு இருக்கிறது: ஆண் 'ஜ்யனோ' என்பார், பெண் 'ஜ்யமா' என்பார். தமிழில் பேசுபவரின் பாலைக் காட்டும் மரியாதைச் சொல் இல்லை. அதனால் பெயர்க்கும்போது ஷின்னும் கம்யாவும் 'ங்க'வுக்குள் கரைந்துபோகலாம். திரும்பப் பர்மியத்தில் பேசும்போதுதான் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அழைக்கும் உறவுப்பெயர்கள் நம் ஊர் வழக்குப்படியே நடக்கின்றன. 'அகோ' அண்ணன். 'அமா' அம்மாவைப் போல ஒலித்தாலும் அதன் பொருள் அக்கா. தன் தாய் வயதில் இருப்பவரை அமா என்று அழைத்தால் குற்றமில்லை. ஆனாலும் அப்படிப்பட்டவருக்கு 'அதோ' பொருத்தம், அதாவது அத்தை, பெரியம்மா முறை. பெரியவரான ஆணுக்கு 'ஊலே', மாமா முறை.

மரியாதையில் பிசகினால் ஒரு சிரிப்போடு போய்விடும். எண்ணில் பிசகினால் பணம் போகும். பர்மிய எண்களில் ஆயிரத்துக்கு மேல் பத்தாயிரத்துக்கும் தனிப்பெயர் உண்டு. யா நூறு, ஹ்தௌங் ஆயிரம், தௌங் பத்தாயிரம், தெய்ன் லட்சம். லட்சம் என்ற அலகு நமக்குப் பழக்கமானது; பத்தாயிரத்தைத் தனி அலகாக எண்ணும் வழக்கம் நமக்கு இல்லை. ஆகவே 'ஹ்ன-தௌங் ஙா-ஹ்தௌங்' என்று கேட்டால் இரண்டு பத்தாயிரம், ஐந்து ஆயிரம் என்று பிரித்துக் கூட்டி 25,000 என்று மனத்தில் மாற்ற வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஆயிரமும் பத்தாயிரமும் தமிழ்க் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே விழுகின்றன. ஆயிரத்தை இங்கே ஹகரம் சேர்த்து எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு: அதன் தொடக்கத்தில் மூச்சு வெடித்து வரும், உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்தால் தெரியும். குரல் தாழ்வாகச் சமமாகப் போகும். பத்தாயிரத்தில் மூச்சு வெடிப்பதில்லை. நாக்கின் நுனி பல்லில் படிந்து மெதுவாக விலகும். குரல் உயரத் தொடங்கி நீண்டு இறங்கும். தனியாகச் சொன்னால் இந்த வேறுபாடு பிடிபடும். ஆனால் 3, 4, 5, 9 ஆகிய எண்களுக்குப் பின்னால் தொடக்க ஒலி மெலிந்து, ஆயிரத்தின் மூச்சு மறைந்துவிடும். அப்போது 5,000க்கும் 50,000க்கும் நடுவே நமக்கு உதவப்போவது பெரும்பாலும் குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே.

ஆகவே காதை மட்டும் நம்பாமல் மூன்று வழிகளில் சரிபார்க்கலாம். முதலாவது, ஒரே விலையில் இந்த ஒலி இரண்டு தடவை வந்தால் முன்னது பத்தாயிரம், பின்னது ஆயிரம். பெரிய அலகு எப்போதும் முன்னால்தான் வரும். 'த-தௌங் த-ஹ்தௌங்' என்பது ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னதுபோல் கேட்டாலும் 11,000தான். இரண்டாவது, ஒலி ஒரு தடவை மட்டும் வந்தால் இரண்டையும் சொல்லிக் கேட்டுவிடலாம்: 'ஙா-ஹ்தௌங் லா, ஙா-தௌங் லா?' அதாவது ஐயாயிரமா, ஐம்பதாயிரமா? 'லா' நம் கேள்வி ஆகாரம். கடைக்காரர் சரியானதை மட்டும் திருப்பிச் சொல்வார். மூன்றாவது, பணத்தாளைக் காட்டுவது. ஐயாயிரம் சாட் தாள் 2009இலும், பத்தாயிரம் சாட் தாள் 2012இலும் வந்தன. எந்தத் தாள், எத்தனை தாள் என்று விரலால் காட்டினால் குழப்பம் அங்கேயே முடிந்துவிடும்.

சிறிய எண்களிலும் ஒரு நெளிவு இருக்கிறது. எண்ணும்போது ஒன்று 'தித்', இரண்டு 'ஹ்னித்', ஏழு 'கூன்னித்'. அலகு பின்னால் வந்தவுடன் இவற்றின் வால் அறுந்து 'த', 'ஹ்ன', 'கூன்ன' என்று ஆகிவிடும். மேலே வந்த 'த-ஹ்தே', 'ஹ்ன-தெய்ன்' எல்லாம் அப்படிப்பட்டவை. ஐந்து 'ஙா'; தமிழில் அரிச்சுவடியைத் தாண்டினால் சொல்லின் முதலில் வராத அந்த ஒலியைச் சற்றுப் பழகிக்கொள்ள வேண்டும்.

'ஹ்தே' என்பது துணியை எண்ணும்போது கூடவே வரும் அலகுச்சொல். மனிதர்களுக்கு 'யௌக்', உருண்டைப் பொருள்களுக்கு 'லோன்', எதற்கும் பொதுவாகக் 'கூ'. தமிழில் 'ஒரு லுங்கி' என்றாலே போதும், அலகுச்சொல்லைப் பெயர்க்க வேண்டாம். ஆனால் அது நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாதாரண எண்ணில் எண் முன்னால், அலகு பின்னால். இருபது, முப்பது போன்ற முழு எண்ணில் வரிசை புரளும். வியாபாரி 'அ-ஹ்தே ஹ்ன-ஸே' என்றது அதனால்தான். பணத்துக்கும் இதே விதி. ஐந்து சாட் 'ஙா-ஜாட்'. முப்பது சாட் என்றால் 'சாட் தோன்-ஸே' என்று நாணயப் பெயர் முன்னால் வந்துவிடும். ஆயிரக்கணக்கில் பேசும் கடைகளில் 'சாட்' என்ற சொல்லையே பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். எனவே அந்த எண் ரூபாயா சாட்டா என்பதை, முக்கியமாக இரண்டு நாணயமும் புழங்கும் எல்லைச் சந்தையில், பேரத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இப்போது கணக்கைச் சரிபார்க்கலாம். ஒரு லுங்கி 'த-தௌங் த-ஹ்தௌங்', 11,000. இருபதுக்கு 2,20,000. கடைக்காரர் சொன்ன 'ஹ்ன-தெய்ன் ஹ்ன-தௌங்' என்பதில் இரண்டு லட்சமும் இரண்டு பத்தாயிரமும் இருக்கின்றன, கணக்கு பொருந்துகிறது. விலையை ஆயிரத்துக் கணக்காகத் தவறாகக் கேட்டிருந்தால் மொத்தம் பொருந்தியிருக்காது. ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் மொத்தத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். 'அ-லோன் பெ-லௌக்-லே?' என்றால் 'எல்லாம் சேர்த்து எவ்வளவு?' ஒற்றை விலையில் தப்பிய தவறு மொத்தத்தில் அகப்பட்டுவிடும்.