பொது மின்கட்டணத்தைக் குறைக்க: குடியிருப்போர் கூட்டத்தில் என்ன பேசுவது?

அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் “எல்லோரும் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்” என்று பேசினால் ஒருவரும் மறுக்க மாட்டார்கள். மறுநாள் ஒன்றும் மாறவும் மாறாது. எந்த விளக்கு, எத்தனை மணி நேரம், எவ்வளவு ரூபாய் என்று பேசினால்தான் தீர்மானம் நிறைவேறும்.

முதலில் கட்டண விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். பலருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அடுக்ககங்களின் பொது இணைப்புக்குத் தனிக் கட்டணப் பிரிவு வந்தது. யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று தொடங்கி, அதன் பிறகு உயர்ந்திருக்கிறது. வீட்டு இணைப்புக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இதற்குக் கிடையாது. பத்து வீடுகளுக்கு மிகாமல், மூன்று மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் சிறிய குடியிருப்புகளுக்கு மட்டும் 2023-இல் கட்டணம் குறைக்கப்பட்டது. மற்றவர்கள் முதல் யூனிட்டிலிருந்தே முழு விலை கொடுக்கிறார்கள்.

சென்னையில் ஐந்து மாடி, 40 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். அதன் செயலாளர் இப்படிப் பேசலாம்:

“அனைவருக்கும் வணக்கம். நம் கீழ்த்தளக் கார் நிறுத்தத்தில் 24 பழைய டியூப் லைட்கள் இருக்கின்றன. அங்கே வெளிச்சம் வராததால் பகலிலும் இரவிலும் எரிகின்றன. சோக்கையும் சேர்த்தால் ஒன்று சுமார் 50 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 யூனிட். கணக்கு எளிதாக இருக்க யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றே வைத்தாலும், இரண்டு மாத பில்லில் 13,800 ரூபாய் இதற்கு மட்டும் போகிறது. இவற்றுக்குப் பதில் 20 வாட் எல்இடி போட்டு, பாதி விளக்குகளை எப்போதும் எரியவிட்டு, மீதிப் பாதிக்கு ஆள் நடமாட்டம் அறியும் சென்சார் வைத்தால், செலவு சுமார் 3,500 ரூபாய்க்கு இறங்கும்.”

இந்த இடத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும். “சார், இருட்டாக்கிவிட்டால் ராத்திரி வேலை முடிந்து வரும் பெண்கள் எப்படி வருவார்கள்?” மிகவும் நியாயமான கேள்வி. பாதி விளக்குகளை அணைக்காமல் விடுவதே இதற்காகத்தான். லிஃப்ட் வாசல், படிக்கட்டு, நுழைவாயில் ஆகிய இடங்களில் சென்சாரே வேண்டாம். மற்ற இடங்களிலும் விளக்கு அணையும் நேரத்தை 30 விநாடி என்று வைக்காமல் இரண்டு நிமிடமாவது வைக்க வேண்டும். காரிலிருந்து பை எடுக்கும்போதே விளக்கு அணைந்தால், அடுத்த கூட்டத்தில் பழைய டியூப் லைட்டையே கேட்பார்கள்.

எலக்ட்ரீஷியனிடம் ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். பழைய பட்டியிலேயே எல்இடி டியூபைப் பொருத்துவதானால் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, ஒயரை நேரடியாக இணைக்க வேண்டும். சோக்கை அப்படியே விட்டால் அது தன் பங்குக்கு மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும். சில வகை டியூப்கள் சீக்கிரம் கெட்டும் போகும்.

அடுத்தது தண்ணீர் மோட்டார். இங்கே வீணாவது கண்ணுக்குத் தெரியாது. 40 வீடுகளில் 160 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு 21,600 லிட்டர். சம்பிலிருந்து ஐந்து மாடி உயரத்துக்கு இதை ஏற்ற, நல்ல நிலையிலுள்ள 3 எச்.பி. மோட்டாருக்கு இரண்டு மணி நேரம் போதும். வாட்ச்மேன் நோட்டில் நான்கு மணி நேரம் என்று இருந்தால் எங்கோ கோளாறு. இரவு பதினொரு மணிக்கு மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குச்சியால் அளந்து, விடியற்காலை நான்கு மணிக்கு மறுபடி அளந்து பாருங்கள். எல்லோரும் தூங்கும் நேரத்தில் மட்டம் நன்றாக இறங்கியிருந்தால், ஏதோ சில வீடுகளில் ஃபிளஷ் டேங்க் ஒழுகக்கூடும். மட்டம் இறங்காமலும் மோட்டார் நீண்ட நேரம் ஓடினால், தொட்டி நிரம்பி வழிகிறதா, ஃபுட் வால்வு கசிகிறதா, இம்பெல்லர் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். கூடுதலாக ஓடும் இரண்டு மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் சுமார் 2,700 ரூபாய் ஆகிறது. தண்ணீரும் போகிறது.

லிஃப்ட்டை நிறுத்தலாம் என்று யாராவது எழுந்து சொல்வார்கள். அந்தப் பேச்சே வேண்டாம். நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு இருப்பவர் படும் சிரமத்துக்கு அதில் மிச்சமாகும் பணம் ஈடாகாது.

கடைசியாக, ஒரே ஒரு தீர்மானத்தை மட்டும் முன்வையுங்கள்: கீழ்த்தள விளக்குகளை மாற்றுவது, ஒரு பில் காலம் பொறுத்து ரீடிங்கை முந்தைய பில்லோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. பத்து யோசனைகளை ஒன்றாகக் கொடுத்தால் பத்தும் தள்ளிப்போகும். கூட்டத்துக்கு முன்பே கடந்த ஓராண்டு பில்களையும் வாட்ச்மேனின் மோட்டார் நோட்டையும் கையில் எடுத்து வையுங்கள். நோட்டு இல்லையென்றால் இன்றே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.