பிறந்தபோது 51 சென்டிமீட்டர்: வளர்ந்தால் எவ்வளவு?

பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கம் தோட்டத்துக் குடும்பங்களில் குழந்தை பிறந்தால், எடைக்கு அடுத்து நீளத்தைத்தான் கேட்பார்கள். 51 என்றால் “அப்பனை மிஞ்சிடுவான்” என்பார்கள். 47 என்றால் பாட்டியின் முகம் வாடிவிடும். கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிய அந்த எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு உண்டா?

கொஞ்சம் உண்டு. நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

பிறந்த நீளத்துக்கும் வளர்ந்த பின் இருக்கும் உயரத்துக்கும் உள்ள தொடர்பை 0 முதல் 1 வரையான எண்ணால் அளப்பார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பிறந்தது முதல் அளக்கப்பட்ட குழந்தைகளைக் கொண்டு டானர் குழுவினர் 1956இல் வெளியிட்ட ஆய்வில் அது ஏறக்குறைய 0.3தான். அதே குழந்தைகளின் இரண்டு வயது உயரத்தை எடுத்துக்கொண்டால் தொடர்பு 0.7க்கு மேல் போய்விடுகிறது.

0.3 என்றால் நடைமுறையில் என்ன? பிறக்கும்போது ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தவர்கள், வளர்ந்த பின்னும் சராசரியாக ஒரு சென்டிமீட்டர் அளவே கூடுதலாக இருப்பார்கள். ஆனால் 51 சென்டிமீட்டரில் பிறந்த பையன்களை மட்டும் தனியாக நிறுத்திப் பார்த்தாலும், அவர்களின் உயரம் சராசரிக்கு மேலும் கீழும் 12 சென்டிமீட்டர் வரை சிதறிக் கிடக்கும். தனி ஒரு குழந்தையின் எதிர்காலத்தை இதை வைத்துச் சொல்வது ஊகம்தான்.

அந்த முதல் எண்ணே பல நேரம் பிழையாக இருக்கும். பிறந்த குழந்தை முழங்காலை மடக்கிக்கொண்டே கிடக்கும். தலையை ஒருவர் பலகையில் ஒட்டிப் பிடிக்க, இன்னொருவர் முழங்காலை மெல்ல நீட்டி, பாதத்தை நேராக வைத்து அளக்க வேண்டும். அவசரத்தில் நாடாவைப் பிடித்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் எளிதாகத் தப்பும்.

வயிற்றில் தாயின் கை, வெளியே வந்தால் மரபின் கை

கருப்பையில் குழந்தை எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் தாயின் உடல்தான் தீர்மானிக்கிறது: கருப்பையின் இடம், நச்சுக்கொடி தரும் சத்து, தாயின் சர்க்கரை, ரத்த அழுத்தம். 1938இல் இங்கிலாந்தில் வால்டனும் ஹேமண்டும் பெரிய ஷைர் குதிரையையும் சின்ன ஷெட்லாண்ட் குதிரையையும் இருவழியாகவும் கலந்து பார்த்தார்கள். தாய் ஷெட்லாண்டாக இருந்தால் குட்டி சிறிதாகவும், ஷைராக இருந்தால் பெரிதாகவும் பிறந்தது. தந்தையின் பங்கு பிறப்பில் அடங்கியே இருந்தது.

வெளியே வந்ததும் அந்தக் கட்டு அவிழ்கிறது. முதல் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனின் ஆட்சி வலுக்கிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த மரபு பேசத் தொடங்குகிறது. அடக்கி வைக்கப்பட்ட குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே வேகம் பிடிக்கும். அளவுக்கு மேல் வளர்ந்து பிறந்த குழந்தை மூன்று முதல் ஆறு மாதத்துக்குப் பின் மெல்லத் தணியும். இருவரும் ஓராண்டைத் தாண்டும்போது தத்தம் கோட்டில் ஏறக்குறைய அமர்ந்துவிடுவார்கள். இதனால்தான் மாதம் ஏற ஏறப் பிறந்த நீளத்தின் செல்வாக்கு மங்குகிறது.

ஒரு பெண் குழந்தையின் கோடு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை. மகள் 51 சென்டிமீட்டரில் பிறக்கிறாள். அப்பா 166, அம்மா 153. இருவரையும் கூட்டி, மகள் என்பதால் 13 கழித்து, பாதியாக்கினால் 153 வரும். எட்டு ஒன்பது சென்டிமீட்டர் முன்பின் ஆகலாம்.

அவள் ஆறு மாதத்தில் 65.5, ஒரு வயதில் 71.8, ஒன்றரை வயதில் 77.5, இரண்டு வயதில் 82.5. புத்தகத்தில் புள்ளி வைத்தால் நடுக்கோட்டுக்கு மேல் இருந்தவள் கீழே இறங்கியிருப்பாள். பிள்ளை ‘வளரவில்லை’ என்று வீட்டில் பதற்றம் வரும். ஆனால் ஒரு வயதுக்குப் பிறகு இறக்கம் மிகவும் குறைந்துவிட்டது. எடையும் சீராக ஏறுகிறது, அடிக்கடி வயிற்றுப்போக்கும் இல்லை. இவள் தன் குடும்பத்துக் கோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

‘எங்கள் குடும்பமே குட்டை’ என்ற சமாதானம்

இங்குதான் கவனம் வேண்டும். மலேசியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் என்று 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வு காட்டியது. லயத்து வீட்டில் வளர்ந்து, ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட தலைமுறையினர் குட்டையாக இருப்பதற்கு மரபு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பட்டினியும் குடல்புழுவும் தொடர் நோயும் அவர்கள் உயரத்தில் பங்கு கேட்டிருக்கலாம். அந்த உயரத்தை வைத்துப் போடும் கணக்கு, பிள்ளையின் உண்மையான வாய்ப்பைக் குறைத்துக் காட்டிவிடும்.

ஆகவே ஊசிக்குப் போகும்போதெல்லாம் எடையோடு நீளத்தையும் அளந்து புள்ளி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வயதுக்குப் பின்னும் கோடு இறங்கிக்கொண்டே போனாலோ, அட்டவணையின் அடிக்கோட்டுக்குக் கீழே விழுந்தாலோ, நீளத்தோடு எடையும் சரிந்தாலோ டாக்டர் பார்க்க வேண்டும். சிறிதாகப் பிறந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு இரண்டு வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள்; எட்டிப் பிடிக்காத மீதிப் பேருக்குப் பரிசோதனை தேவை. இன்னொன்று: இரண்டு வயதில் படுக்க வைத்து அளப்பதை நிறுத்தி நிற்க வைத்து அளப்பார்கள். அன்று 0.7 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்தது போலத் தெரிந்தால், அது அளக்கும் முறை மாறியதால் வந்த வித்தியாசம்.