வழு அறிக்கையும் மீளுருவாக்கப் படிகளும்

வழு அறிக்கை (பக் ரிப்போர்ட்) என்பது ஒரு மென்பொருளில் காணப்பட்ட வழுவை, அதைத் திருத்த வேண்டிய நிரலாளர் தம் கணினியில் மீண்டும் காணும்படி எழுதித் தரும் குறிப்பு ஆகும். மென்பொருள் சோதனைப் பிரிவில் பயிலுநராக (இன்டர்ன்) சேர்பவர் எழுதும் முதல் ஆவணம் பெரும்பாலும் இதுவே. வழுவை மீண்டும் தோன்றச் செய்வதற்காக இதில் வரிசையாக எழுதப்படும் செயல்கள் மீளுருவாக்கப் படிகள் எனப்படுகின்றன.

இப்படிகள் குறைவாக இருந்தால், உண்மையான வழுவும் "இங்கே சரியாக இயங்குகிறது" என்ற பதிலோடு மூடப்பட்டுவிடும். மொசில்லா திட்டத்துக்காக 1998ஆம் ஆண்டில் உருவான பக்சில்லா என்னும் வழுப் பதிவு மென்பொருளில் இதற்கென்றே `WORKSFORME` என்ற முடிவுநிலை உள்ளது. அந்த நிலையில் மூடப்பட்ட அறிக்கையின் வழு, எவரும் திருத்தாமல் பயனர்களிடம் சென்று சேரக்கூடும்.

## எடுத்துக்காட்டு: ஒரு நாள் முந்திய முன்பதிவு

மருத்துவமனை ஒன்றுக்கான முன்பதிவு இணையதளம் சோதனையில் இருப்பதாகக் கொள்ளலாம். சென்னையில் உள்ள பயிலுநர் ஒருவர் சோதனைக் கணக்கில் நுழைந்து, 2025 ஆகத்து 22 வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு முன்பதிவு செய்கிறார். உறுதிப்படுத்தும் பக்கத்தில் 22ஆம் தேதி என்றே வருகிறது. சற்று நேரம் கழித்து "என் முன்பதிவுகள்" பக்கத்தைத் திறந்தால், அங்கே 21ஆம் தேதி என்று இருக்கிறது.

இது சிறிய வழு அன்று. உறுதிப்படுத்தும் பக்கத்தைப் பார்த்து நிறைவடைந்த நோயாளி வெள்ளிக்கிழமை வருவார். மருத்துவமனையின் பட்டியலிலோ அவர் வியாழக்கிழமையே வராமல் போனவர். பயிலுநர் உடனே எழுதிய முதல் அறிக்கை இவ்வாறு இருந்தது:

> தலைப்பு: தேதி தவறு
> விவரம்: முன்பதிவு செய்தால் தேதி தவறாக வருகிறது. உடனே திருத்தவும்.

நிரலாளர் ஒரு முன்பதிவு செய்து பார்த்தார். தேதி சரியாக இருந்தது. திரைப்பிடிப்பு ஒன்றை இணைத்து அறிக்கையை மூடிவிட்டார். இருவரும் கண்டதைத்தான் சொன்னார்கள். இருவர் கணினிகளுக்கும் இடையே இருந்த வேறுபாடு மட்டும் அறிக்கையில் இல்லை.

## வேறுபாட்டைக் கண்டறிதல்

மூடப்பட்ட அறிக்கையை அப்படியே மீண்டும் திறப்பதால் பயன் இல்லை. வழு எப்போது தோன்றுகிறது, எப்போது தோன்றவில்லை என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற அனைத்தையும் முன்பு இருந்தபடியே வைத்துச் சோதிப்பது இதற்கான வழி. இரண்டை ஒன்றாக மாற்றினால், விளைவு எதனால் மாறியது என்று தெரியாது.

பயிலுநர் குரோம் உலாவிக்குப் பதிலாக பயர்பாக்சில் முயன்றார், வழு இருந்தது. வேறு சோதனைக் கணக்கில் நுழைந்தார், இருந்தது. வேறு தேதிகளைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு நாள் முந்தியது. செப்டம்பர் 1ஐத் தேர்ந்தெடுத்தபோது ஆகத்து 31 சேமிக்கப்பட்டது. பக்கத்து இருக்கைக் கணினியிலும் அதே நிலைதான். ஆகவே உலாவி, கணக்கு, தேதி, குறிப்பிட்ட ஒரு கணினி ஆகிய எதுவும் காரணம் அன்று.

விடை நிரலாளர் அனுப்பிய திரைப்பிடிப்பில் இருந்தது. அலுவலகத்தில் காலை 10.10 மணியாக இருந்தபோது எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் மூலையில் கடிகாரம் 4.40 எனக் காட்டியது. ஐந்தரை மணி நேர வேறுபாடு! நிரலாளர் தொலைவிலுள்ள ஒரு லினக்சு கணினியில் பணியாற்றினார். அதன் நேர வலயம் `UTC`, அதாவது ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம். இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது.

இதை ஊகமாக விட்டுவிடாமல் சோதித்துப் பார்க்க முடியும். குரோம் உலாவியின் நிரலாளர் கருவிகளில் `Sensors` என்னும் பகுதி உள்ளது. அதில் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊரின் நேர வலயத்தில் இருப்பதுபோல உலாவி நடந்துகொள்ளும். சோதனை முடியும்வரை கருவிப் பலகம் திறந்தே இருக்க வேண்டும்; பக்கத்தையும் மீளேற்ற வேண்டும். பயிலுநர் `Mumbai` எனத் தேர்ந்தெடுத்தபோது தேதி தவறியது. `Tokyo` என்றபோதும் தவறியது. `San Francisco` என்றபோது சரியாக இருந்தது. வழு இந்தியாவுக்கு மட்டும் உரியது அன்று என்பதும், `UTC`க்கு முந்திய நேரம் கொண்ட இடங்களில் தோன்றுகிறது என்பதும் இதனால் தெளிவாயின.

## திருத்தி எழுதிய அறிக்கை

> தலைப்பு: இந்திய நேர வலயத்தில் முன்பதிவு செய்தால், தேர்ந்தெடுத்த தேதிக்கு முந்தைய தேதி சேமிக்கப்படுகிறது
>
> சூழல்: சோதனைத் தளம், பதிப்பு 2.4.1, விண்டோசு 11, குரோம் 138, நேர வலயம் `Asia/Kolkata`
>
> முன்நிலை: சோதனைக் கணக்கு `testpatient07`. கணக்கில் வேறு முன்பதிவு எதுவும் இல்லை.
>
> படிகள்:
> 1. கணினியின் நேர வலயம் `Asia/Kolkata` என இருப்பதை உறுதிசெய்யவும்.
> 2. மேற்கண்ட கணக்கில் நுழைந்து "புதிய முன்பதிவு" பொத்தானை அழுத்தவும்.
> 3. "பொது மருத்துவம்" பிரிவைத் தேர்ந்தெடுக்கவும்.
> 4. நாட்காட்டியில் 22-08-2025ஐயும், நேரப் பட்டியலில் காலை 10.00ஐயும் தேர்ந்தெடுக்கவும்.
> 5. "உறுதிசெய்" பொத்தானை அழுத்தவும். (இப்பக்கத்தில் தேதி சரியாகவே தெரியும்.)
> 6. "என் முன்பதிவுகள்" பக்கத்தைத் திறக்கவும்.
>
> எதிர்பார்த்தது: 22-08-2025, காலை 10.00
>
> கிடைத்தது: 21-08-2025, காலை 10.00
>
> எத்தனை முறை: மும்பை நேர வலயத்தில் 5 முறையில் 5 முறை; டோக்கியோவில் 5 முறையில் 5 முறை; சான் பிரான்சிசுகோவில் 5 முறையில் ஒரு முறையும் இல்லை.
>
> கூடுதல் குறிப்பு: படி 5இல் உலாவி வழங்கிக்கு அனுப்பிய தரவிலேயே `"date":"2025-08-21"` என உள்ளது. `Network` பலகத்தின் படம் இணைக்கப்பட்டுள்ளது.

"தேதி தவறு" என்ற பழைய தலைப்பு நூறு வழுக்களுக்குப் பொருந்தும். புதிய தலைப்பு எந்த நிலையில், எதைச் செய்தால், என்ன நடக்கிறது என்ற மூன்றையும் சொல்கிறது. பின்னர் இதே வழுவைக் காணும் இன்னொரு சோதனையாளர், தேடிப் பார்த்து இரண்டாவது அறிக்கை எழுதாமல் இருக்கவும் இது உதவும்.

படி 6 இல்லாவிட்டால் படி 1 இருந்தும் பயனில்லை. ஐந்தாம் படியோடு நிறுத்துபவர் 22ஆம் தேதியைப் பார்த்துவிட்டு, வழு இல்லை என்று முடிவு செய்துவிடுவார். ஆகவே எழுதிய படிகளை மட்டும் பின்பற்றி, நினைவில் உள்ள எதையும் சேர்க்காமல், தாமே ஒருமுறை செய்து பார்த்த பின்னரே அறிக்கையை அனுப்ப வேண்டும். விடுபட்ட படி அப்போதுதான் தெரியும்.

கூடுதல் குறிப்பில் கண்டது மட்டுமே எழுதப்பட்டுள்ளது. "தேதியை மாற்றும் செயற்கூறில் பிழை" என்று பயிலுநர் முடிவு கூறவில்லை. ஊகம் தவறாக இருந்தால், அது நிரலாளரை வேறு திசையில் தேட வைக்கும். அனுப்பிய தரவிலேயே தேதி மாறியிருந்தது என்னும் செய்தியோ, தேட வேண்டிய இடம் வழங்கி அன்று, உலாவியில் இயங்கும் நிரலே என்று காட்டிவிடுகிறது.

## காரணமும் மறுசோதனையும்

இப்போது நிரலாளர் தம் கணினியின் நேர வலயத்தை மாற்றி வழுவைக் காண முடிந்தது. நிரலில் இருந்தது இது:

```
const day = new Date(2025, 7, 22);
day.toISOString().slice(0, 10);   // "2025-08-21"
```

சாவாசிகிரிப்டில் மாதங்கள் 0இலிருந்து எண்ணப்படுவதால் 7 என்பது ஆகத்து மாதம். முதல் வரி, பயனரின் ஊரில் 22ஆம் தேதி நள்ளிரவு 12 மணியைக் குறிக்கிறது. `toISOString` அதை `UTC` நேரத்துக்கு மாற்றுகிறது. இந்தியாவில் 22 பிறக்கும் அந்நொடியில் `UTC`இல் 21ஆம் தேதி மாலை 6.30 மணி. முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்ததால், நேரம் மறைந்து தவறான தேதி எஞ்சியது. நிரலாளரின் கணினியில் இரு நேரங்களும் ஒன்றே என்பதால் அவருக்கு எதுவும் தவறாகத் தெரியவில்லை.

திருத்தம் வந்தபின் அதே ஆறு படிகளே மறுசோதனைக்கும் பயன்படும். அறிக்கையில் டோக்கியோவும் இடம்பெற்றதன் பயன் இங்கே தெரியும். யாராவது அவசரத்தில் நேரத்தோடு ஐந்தரை மணியைக் கூட்டி ஒட்டுப்போட்டிருந்தால், மும்பையில் தேதி சரியாகிவிடும். டோக்கியோ ஒன்பது மணி நேரம் முந்தியிருப்பதால் அங்கே வழு அப்படியே இருக்கும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் உள்ளூர் நேரப்படியே எடுத்து எழுதும் திருத்தம் எல்லா இடங்களிலும் சரியாக இயங்கும்.

## மீளுருவாக்க முடியாத வழுக்கள்

எல்லா வழுக்களும் ஐந்துக்கு ஐந்து முறை தோன்றுவதில்லை. இதே தளத்தில் "இன்றைய தேதி" தானாக நிரப்பப்படும் கட்டம் ஒன்று இருந்து, அதுவும் இதே முறையில் கணக்கிடப்பட்டால், இந்தியாவில் நள்ளிரவு 12 மணி முதல் அதிகாலை 5.30 வரை மட்டும் அதில் நேற்றைய தேதி வரும். காலை 9 மணிக்குப் பணிக்கு வரும் பயிலுநர் எத்தனை முறை முயன்றாலும் அதைக் காண மாட்டார். இரவில் அவசரச் சிகிச்சைக்குப் பதிவு செய்பவருக்கே அது தெரியும்.

இத்தகைய வழுவை ஒருமுறைதான் கண்டாலும் அறிக்கை எழுதலாம். ஆனால் எத்தனை முயற்சியில் எத்தனை முறை தோன்றியது என்பதையும், கண்ட நேரத்தை நிமிடம் வரையும், நேர வலயத்தையும் அதில் குறிக்க வேண்டும். "சில நேரங்களில் வருகிறது" என்ற வரியிலிருந்து நிரலாளர் எதையும் தொடங்க முடியாது. "அதிகாலை 1.20க்கு 3 முறையில் 3 முறை, காலை 9.40க்கு 10 முறையில் ஒரு முறையும் இல்லை" என்ற வரி, கணினியின் கடிகாரத்தை மாற்றிப் பார்க்கும்படி அவருக்குச் சொல்லிவிடும்.