கிளவுட் காலத்தில் டி.பி.ஏ. சான்றிதழ்

2024 ஏப்ரலோடு அமேசான் வெப் சர்வீசஸ் தன் டேட்டாபேஸ் சிறப்புச் சான்றிதழ்த் தேர்வை நிறுத்திவிட்டது. 2020-இல் தொடங்கிய தேர்வு, நான்கே ஆண்டுகள்தான் நடந்தது. அது நிற்பதற்கு முந்தைய மாதம்தான் டேட்டா இன்ஜினியர் என்ற பெயரில் வேறொரு தேர்வை அந்நிறுவனம் கொண்டுவந்திருந்தது. மைக்ரோசாப்டும் எஸ்.க்யூ.எல். சர்வருக்கான தன் பழைய சான்றிதழ்களை 2021 ஜனவரியோடு மூடிவிட்டது. இப்போது அங்கே டேட்டாபேஸ் நிர்வாகிகளுக்கு இருப்பது, அஷூர் கிளவுடை மையமாக வைத்த டி.பி-300 தேர்வு.

டி.பி.ஏ. ஆக வேண்டும் என்று பணம் கட்டிப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தச் செய்திகள் கலக்கத்தைத் தரும். தேர்வை நடத்தும் நிறுவனமே கடையைக் கட்டினால் வேலை மட்டும் மிஞ்சுமா என்று கேட்பார்கள். வேலை மிஞ்சியிருக்கிறது. ஆனால் பாடத்திட்டத்தில் எந்தப் பகுதியைக் கிளவுட் எடுத்துக்கொண்டது, எதை நம்மிடமே விட்டுவைத்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் எந்தச் சான்றிதழையும் எடைபோட முடியாது.

ஆரக்கிள் டி.பி.ஏ. ஒருவரின் பழைய நாள்களை நினைத்துப் பாருங்கள். சர்வரில் மென்பொருளை நிறுவுவார். வட்டில் இடம் தீர்கிறதா என்று கண்காணிப்பார். பேட்ச் போடுவதற்காகச் சனிக்கிழமை இரவு கண்விழிப்பார். பேக்கப் ஓடி முடிந்ததா என்று காலையில் வந்ததும் முதல் வேலையாகப் பார்ப்பார். அந்தக் காலத்துத் தேர்வுகளில் கணிசமான பகுதி இவற்றைப் பற்றியதுதான். அமேசானின் ஆர்.டி.எஸ். போன்ற சேவைகளில் இவை அனைத்தும் திரையில் சில தேர்வுகளாகச் சுருங்கிவிட்டன. பேக்கப்பை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு எண்ணைக் கொடுத்தால் போதும், அதிகபட்சம் 35 நாள்வரை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இது நல்ல மாற்றம்தான். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பார்த்தால் காரணம் புரியும். பொறியாளர் ஒருவர் துணை சர்வர் என்று நினைத்து, முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் எதுவும் இல்லை. பேக்கப் எடுக்கும் நிரல் போஸ்ட்கிரஸ் 9.2 பதிப்பைச் சேர்ந்தது, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸோ 9.6. பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் சரியான கையொப்பம் இல்லாததால் யாருக்கும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் கடைசியில் காப்பாற்றியது. ஆனாலும் சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். அவர்கள் அப்போது கிளவுடில் சர்வரை மட்டும் வாடகைக்கு எடுத்து, டேட்டாபேஸைத் தாங்களே நடத்திவந்தார்கள். நிர்வகிக்கப்பட்ட சேவையில் இருந்திருந்தால், பதிப்பு பொருந்தாமல் பேக்கப் தோற்கும் இந்தப் பிரச்சினை வந்திருக்காது.

பேக்கப் எடுக்கும் வேலை இப்படிக் கைமாறிவிட்டது. மீட்கும் வேலை அப்படி மாறவில்லை. இணையத்தில் துணி விற்கும் ஒரு கடையை வைத்து இதைப் பார்க்கலாம். டேட்டாபேஸ் ஆர்.டி.எஸ்.ஸில் ஓடும் மைசீக்வல். பருத்திச் சட்டைகளுக்கு மட்டும் விலையை 499 ஆக்க வேண்டும். காலை 11:42-க்கு ஊழியர் ஒருவர் இப்படிக் கட்டளை கொடுக்கிறார்:

```sql
UPDATE products SET price = 499
WHERE category_id = 7;
```

பருத்தி என்ற நிபந்தனை விடுபட்டுவிட்டது. ஏழாம் பிரிவில் உள்ள எல்லாச் சட்டைகளும், பட்டுச் சட்டை உட்பட, 499 ரூபாயாகிவிட்டன. பழைய விலைகள் மறைந்துவிட்டன. மாலை 6 மணிக்கு ஆர்டர்களைப் பொட்டலம் கட்டும்போதுதான் தெரியவருகிறது. கிளவுடைப் பொறுத்தவரை எந்தக் கோளாறும் நடக்கவில்லை. சரியான அனுமதி உள்ளவர் சரியான இலக்கணத்தில் கொடுத்த கட்டளையை அது நிறைவேற்றியது, அவ்வளவுதான். துணை சர்வர் இருந்தாலும் அதே தவறு அங்கேயும் நொடியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

குறிப்பிட்ட நேரத்துக்கு டேட்டாபேஸை மீட்கும் வசதி ஆர்.டி.எஸ்.ஸில் உண்டு. கட்டளையும் எளிதுதான்:

```
aws rds restore-db-instance-to-point-in-time \
  --source-db-instance-identifier kadai-db \
  --target-db-instance-identifier kadai-db-old \
  --restore-time 2025-10-14T06:11:00Z
```

கடைசி வரியில் உள்ள 06:11 என்பதைக் கவனியுங்கள். இங்கே நேரம் உலகப் பொது நேரத்தில் கொடுக்கப்பட்டிருக்கிறது. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். கழிக்க மறந்து 11:41 என்று கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. ஏனென்றால் பொது நேரம் 11:41 என்பது நமக்கு மாலை 5:11. மாலை 6 மணிக்கு அது கடந்துபோன நேரம், எனவே அந்த நேரத்துக்கே மீட்டுத் தரும். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாச் சட்டையும் 499 ஆகவே இருக்கும். மீட்டு முடித்ததும் ஏழாம் பிரிவு விலைகளை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். விலைகள் பலவிதமாக இருந்தால் நேரம் சரி. தவறு நடந்த நேரமே சரியாகத் தெரியாவிட்டால், `updated_at` போன்ற விவரம் அட்டவணையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். நூற்றுக்கணக்கான வரிசைகள் ஒரே நொடியில் மாறியிருந்தால் அதுதான் அந்த நொடி.

அடுத்தது இன்னும் பெரிய முடிவு. இந்த வசதி பழைய டேட்டாபேஸைப் பின்னுக்கு நகர்த்துவதில்லை, பக்கத்தில் புதிதாக இன்னொன்றை உருவாக்கித் தருகிறது. பதற்றத்தில் இருப்பவர் கடையின் செயலியை அந்தப் புதிய டேட்டாபேஸோடு இணைத்துவிடுவார். விலைகள் சரியாகிவிடும். ஆனால் 11:41-க்குப் பிறகு வந்த ஆறு மணி நேர ஆர்டர்களும் பணம் செலுத்திய விவரங்களும் அதில் இருக்காது. இரண்டாவது இழப்பு முதல் இழப்பைவிடப் பெரிதாகிவிடும்.

தெரிந்தவர் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸை அப்படியே விட்டுவிடுவார். புதியதிலிருந்து பழைய விலைப் பட்டியலை மட்டும் எடுத்து, `products_old` என்ற பெயரில் ஓடும் டேட்டாபேஸுக்குக் கொண்டுவருவார். பிறகு:

```sql
UPDATE products p
JOIN products_old o ON o.id = p.id
SET p.price = o.price
WHERE p.category_id = 7
  AND p.fabric <> 'cotton'
  AND p.price = 499;
```

கடைசி நிபந்தனை எதற்கு? பகலில் யாராவது ஒரு சட்டையின் விலையைத் தெரிந்தே மாற்றியிருந்தால் அதைத் தொடாமல் இருக்க. அதற்கு முந்தைய வரியில் ஒரு பொறியும் இருக்கிறது. துணி வகை நிரப்பப்படாமல் வெற்றாக விடப்பட்ட சட்டைகளை அந்த ஒப்பீடு பிடிக்காது. எஸ்.க்யூ.எல்.லில் வெற்று மதிப்பு எதற்கும் சமமுமல்ல, சமமில்லாததுமல்ல. எத்தனை வரிசை மாற வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணி வைத்து, மாறிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்தான் விடுபட்டவை தெரியவரும். கடைசியாக, இடைப்பட்ட நேரத்தில் 499 ரூபாய்க்குப் பட்டுச் சட்டை வாங்கியவர்களின் பட்டியலை எடுத்துக் கடை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். அந்த விலைக்கே அனுப்புவதா, மன்னிப்புக் கேட்டு ரத்து செய்வதா என்பது அவர் முடிவு.

டி.பி-300 போன்ற தேர்வு இதில் எவ்வளவைச் சோதிக்கும்? குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்கும் வசதி ஒன்று உண்டு, அதற்கு எந்தச் சேவையில் என்ன வரம்பு என்பதைக் கேட்கும். ஆர்டர்களை இழக்காமல் விலையை மட்டும் திருப்பிக் கொண்டுவரும் வழியைப் பெரும்பாலும் கேட்காது. நாலு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் முறையில் அதைக் கேட்பதும் கடினம். ஆரக்கிளின் உச்சச் சான்றிதழான ஓ.சி.எம். தேர்வுக்கு மட்டும் நெடுங்காலமாகத் தனி மதிப்பு இருந்ததற்குக் காரணம், அதில் கணினி முன் உட்கார்ந்து வேலையைச் செய்துகாட்ட வேண்டும் என்பதுதான்.

அப்படியானால் சான்றிதழ் வீணா? இல்லை என்றே நினைக்கிறேன். முதலாவது, அனுபவம் இல்லாத ஒருவருக்கு அது ஒரு பாடத்திட்டத்தைத் தருகிறது. தானாகப் படித்தால் பிடித்ததை மட்டுமே படிப்போம். அனுமதிகள், பதிவேட்டுக் கண்காணிப்பு போன்ற சலிப்பூட்டும் பகுதிகளைத் தேர்வு கட்டாயப்படுத்திப் படிக்க வைக்கும். இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாது. அமேசானும் மைக்ரோசாப்டும் தங்கள் பங்குதாரர் நிறுவனங்களுக்குத் தரநிலை வழங்கும்போது, அங்கே சான்றிதழ் பெற்ற ஊழியர்கள் எத்தனை பேர் என்பதையும் கணக்கில் எடுக்கின்றன. மென்பொருள் சேவை நிறுவனங்கள் தேர்வுக் கட்டணத்தைத் தாங்களே கட்டி ஊழியர்களை எழுதச் சொல்வதற்கு இது ஒரு வலுவான காரணம். அத்தகைய நிறுவனத்தில் சேர விரும்புகிறவருக்குச் சான்றிதழ் கட்டாயம் உதவும். உள்ளே போன பிறகு அது எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு கதை.

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆரக்கிளில் ஊறியவர்களின் நிலை வேறு. கிளவுடின் பெயர்களையும் எல்லைகளையும் கற்றுக்கொள்ள ஒரு தேர்வு அவர்களுக்குப் போதும். டிரான்சாக்ஷன், பூட்டு, இண்டெக்ஸ், ஒரு கேள்வியை டேட்டாபேஸ் எந்த வழியில் நிறைவேற்றுகிறது என்பதெல்லாம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கின்றன. கிளவுடில் இவற்றின் மதிப்பு கூடியிருக்கிறது என்றே சொல்வேன். மோசமாக எழுதிய ஒரு கேள்வியைச் சமாளிக்க அங்கே சில நிமிடங்களில் பெரிய சர்வருக்கு மாறிவிடலாம். பிரச்சினை மறைந்ததுபோல் தோன்றும், மாதக் கடைசியில் பில்லாக வந்து நிற்கும். அந்தப் பில்லைப் படித்து, எந்த இண்டெக்ஸ் இல்லாததால் இந்தச் செலவு என்று சொல்லக்கூடியவரைத்தான் இப்போது தேடுகிறார்கள்.

விடைகளோடு விற்கப்படும் வினாத் தொகுப்புகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவது நம் ஊரில் பரவலாக நடக்கிறது. அது தேர்வு விதிகளுக்குப் புறம்பானது, கண்டுபிடித்தால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். அதைவிட எனக்கு வருத்தம் தருவது, கட்டணமும் மாதக்கணக்கான உழைப்பும் கொடுத்தவர் கையில் ஒன்றுமே இல்லாமல் போவது. மைக்ரோசாப்ட் தன் தேர்வுகளின் பாடப் பகுதிகளையும் ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதவீதம் என்பதையும் இலவசமாக வெளியிடுகிறது. பணம் கட்டும் முன் அதை எடுத்து வைத்துக்கொண்டு, கிளவுட் தானாகச் செய்யும் வேலைகளை ஒரு நிறத்திலும், மீட்பு, வேகம், பாதுகாப்பு ஆகியவற்றை இன்னொரு நிறத்திலும் குறித்துப் பாருங்கள். இரண்டாம் நிறம் அதிகம் இருக்கும் தேர்வைத் தேர்ந்தெடுங்கள். படிக்கும்போதே ஒரு சிறிய டேட்டாபேஸைத் தொடங்கி, மேலே சொன்ன சட்டைக் கடைத் தவறை வேண்டுமென்றே செய்து, மீட்டுப் பாருங்கள். முடித்ததும் மீட்ட நகலை மறக்காமல் அழித்துவிடுங்கள், அது இருக்கும்வரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். டி.பி-300 சான்றிதழ் ஓராண்டுதான் செல்லும், அதற்குள் இணையத்தில் கட்டணமின்றிப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அந்த நாளிலேயே இந்த மீட்புப் பயிற்சியையும் மறுபடி ஒருமுறை செய்து, எத்தனை நிமிடம் ஆனது என்று குறித்து வைத்துக்கொள்ளலாம். நேர்முகத் தேர்வில் சான்றிதழைக் காட்டியதும் அடுத்து வரும் கேள்விக்கு அந்தக் குறிப்பிலிருந்து பதில் சொல்லலாம்.