ஒரே பிழை, நாலாயிரம் புகார்

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் திடீரென்று மூடிக்கொண்டால், நடந்ததை மொசில்லாவுக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி எழும். சம்மதித்தால் கிராஷ் ரிப்போர்ட் ஒன்று புறப்பட்டுப் போகும். செயலி விழுந்த நொடியில் அதன் நினைவகத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்ற சுருக்கமான பதிவு அது. அதே நேரத்தில் உலகின் வேறு மூலைகளிலும் பிரவுசர் விழுந்திருக்கும், அங்கிருந்தெல்லாம் இதே மாதிரி ரிப்போர்ட் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைச் சீட்டு என்று போர்டில் ஏற்றினால் அதை யாராலும் வாசிக்க முடியாது. ஆகவே வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது புதுப் பிழையா, ஏற்கெனவே தெரிந்ததா என்பதுதான்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மொசில்லாவிடம் சொக்கோரோ என்ற அமைப்பு இருக்கிறது. அது ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் ஒரு சிக்னேச்சர், அதாவது அடையாளப் பெயர், சூட்டுகிறது. பெயர் ஒன்றானால் பிழையும் ஒன்று என்று கொண்டு ஒரே குவியலில் சேர்க்கிறது.

பெயர் வைப்பது எளிதல்ல. ஒரு செயலி ஓடும்போது ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும். விழுந்த நொடியில் யார் யாரைக் கூப்பிட்டிருந்தார்கள் என்ற வரிசைதான் ஸ்டேக் டிரேஸ். வரிசையின் உச்சியில் இருப்பதையே பெயராக வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் பல நேரம் உச்சியில் நிற்பது `abort` போன்ற பொதுவான ஃபங்ஷன். நிரல் தன்னால் இனி தொடர முடியாது என்று தெரிந்ததும் கூப்பிடும் கடைசி வாசல் அது. அதைப் பெயராக வைப்பது, எல்லா இறப்புச் சான்றிதழிலும் 'இதயம் நின்றது' என்று எழுதுவதைப் போன்றது. பொய்யில்லைதான், ஆனால் நோய் எதுவென்று தெரியாது. அதனால் சொக்கோரோ சில பட்டியல்களைக் கையில் வைத்திருக்கிறது. அறவே தாண்டிப் போக வேண்டிய பெயர்கள் ஒரு பட்டியலில். அது மட்டும் போதாது, கீழே இருப்பதையும் சேர்த்துக்கொள் என்று சொல்ல வேண்டிய பெயர்கள் இன்னொன்றில். மொசில்லாவின் ஆட்கள் இந்தப் பட்டியல்களைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள்.

இதையே சின்ன அளவில் பார்ப்போம். டிக்கெட் முன்பதிவுச் செயலி ஒன்று, பணம் கட்டும் இடத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். வரும் ரிப்போர்ட் இப்படி இருக்கும்:

```
IllegalStateException: seat L7 locked, booking 482913
    at SeatMap.lock(SeatMap.kt:88)
    at Payment.confirm(Payment.kt:141)
```

அடுத்த பயணிக்கு இருக்கை எண் L9, முன்பதிவு எண் வேறு. முழு வாசகத்தையும் ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு பிழை போலத் தெரியும், போர்டில் ஆளுக்கொரு கார்டு ஏறும். போர்டுகள் வெள்ளமாவதற்கு நான் முதலில் சந்தேகிக்கும் காரணம் இதுதான்: மாறிக்கொண்டே இருக்கும் எண்கள் அடையாளத்துக்குள் புகுந்துவிடுகின்றன. வரி எண்ணையும் விட்டுவிட வேண்டும். அடுத்த பதிப்பில் யாராவது மேலே இரண்டு வரி சேர்த்தால் 88 என்பது 90 ஆகிவிடும், பழைய பிழை புது வேடத்தில் வந்து நிற்கும். இவற்றைக் களைந்தால் மிஞ்சுவது இது:

```
IllegalStateException | SeatMap.lock | Payment.confirm
```

ஆண்ட்ராய்டு செயலிகளில் இன்னொரு பள்ளம் உண்டு. வெளியீட்டுக்கு முன் R8 என்ற கருவி ஃபங்ஷன் பெயர்களை `a.b` என்று சுருக்கிவிடும். அந்தச் சுருக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். அசல் பெயர்களைத் திருப்பித் தரும் `mapping.txt` கோப்பை ஒவ்வொரு வெளியீட்டோடும் கிராஷ் சர்வரில் ஏற்ற வேண்டும். ஏற்ற மறந்த நாளில், பழைய பிழைகள் புதிய பெயர்களோடு திரண்டு வரும். வெளியீடு நடந்த அதே மணி நேரத்தில் ஓரெழுத்துப் பெயர்களோடு புதுக் கார்டுகள் குவிந்தால், நிரலைத் தேடும் முன் இந்தக் கோப்பைத் தேட வேண்டும்.

அடையாளம் கிடைத்த பிறகு மீதி வேலை சுலபம். அந்தப் பெயரில் கார்டு இருந்தால் எண்ணிக்கையைக் கூட்டு, இல்லையென்றால் புதிதாகத் திற. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே நொடியில் இரண்டு ரிப்போர்ட் வந்தால், இரண்டும் 'கார்டு இல்லை' என்று கண்டு இரண்டும் ஆளுக்கொன்று திறந்துவிடும். ஒரு பெயருக்கு ஒரு பதிவுதான் என்ற தடையை டேட்டாபேஸிலேயே போட்டு வைத்தால்தான் இது நிற்கும்.

எத்தனை முறை விழுந்தது என்பதைவிட எத்தனை பேருக்கு விழுந்தது என்று எண்ணுவது மேல். ஒரே போன் திறந்ததும் விழுந்து, மறுபடி திறந்து, மறுபடி விழுந்து ஓர் இரவில் நாலாயிரம் ரிப்போர்ட் அனுப்பிவிடும். முந்நூறு பேர் ஆளுக்கு ஒரு முறை பணம் கட்ட முடியாமல் தவித்தது அதன் கீழே புதைந்துபோகும். அதனால் இத்தனை பேருக்கு மேல் போனால்தான் கார்டு என்று ஒரு வரம்பு வைப்பார்கள். பணம் தொடர்பான இடங்களுக்கு மட்டும் அந்த வரம்பு கூடாது. அங்கே முதல் ரிப்போர்ட்டிலேயே கார்டு திறக்க வேண்டும்.

இப்படி எண்ணிப் பார்த்ததில் தெரியவந்ததை மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர் 2002இல் வாடிக்கையாளர்களுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். கோளாறுகளில் 80 சதவீதம் வெறும் 20 சதவீதப் பிழைகளால் வந்தவை. அதைவிட வியப்பு, பாதிக் கோளாறுகளுக்கு 1 சதவீதப் பிழைகளே காரணம். வந்த வரிசையில் கார்டுகளைப் பிரித்துக் கொடுத்திருந்தால் அந்த ஒரு சதவீதம் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது.

எந்தப் பெயர் முறையும் இரண்டு விதமாகத் தவறும். ஒரு பிழை இரண்டு பெயரில் பிரிந்து நிற்கலாம். ஒரே பதிப்பில் பிறந்து, ஏற்ற இறக்கத்திலும் ஒன்றாகவே போகும் இரண்டு குவியல்களைப் பார்த்தால் இந்தச் சந்தேகம் வர வேண்டும். மொசில்லாவின் பிழைப் பதிவேடான பக்ஸில்லாவில் ஒரே பதிவின் கீழ் பல சிக்னேச்சர்களை எழுதி வைக்க இதற்காகவே இடம் இருக்கிறது. பல பிழைகள் ஒரே பெயரில் ஒளிந்துகொள்வது இன்னும் மோசம். சொக்கோரோவில் `OOM | small` என்று ஒரு சிக்னேச்சர் உண்டு. 256 கிலோபைட்டுக்கு மிகாத சின்ன நினைவகத் துண்டு ஒன்றைக் கேட்டு, அதுகூடக் கிடைக்காமல் விழுந்தவையெல்லாம் அதில் சேரும். கடைசியாகக் கேட்டது யார் என்பது அங்கே முக்கியமில்லை. அதற்கு முன்பே நினைவகத்தை வேறு யாரோ தின்று தீர்த்திருப்பார்கள். அந்தக் குவியலின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து யாராலும் எதையும் திருத்த முடியாது.

கார்டை மூடும்போதும் கவனம் வேண்டும். நம் செயலியில் இருக்கைப் பிழை 3.4.1 பதிப்பில் சரியானது என்று வைத்துக்கொள்வோம். அப்டேட் செய்யாதவர்களிடமிருந்து 3.4.0இன் ரிப்போர்ட் வாரக்கணக்கில் வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றை எண்ணிக்கையில் சேர்த்தால் போதும், கார்டை எழுப்பக் கூடாது. 3.4.1இலிருந்தோ அதற்குப் பிந்தியதிலிருந்தோ ஒன்று வந்தால் கதை வேறு. அப்போது புதுக் கார்டு திறக்காமல் பழையதையே மறுபடி திறக்க வேண்டும். முதல் தடவை யார் எதைத் திருத்தினார்கள், எந்தச் சோதனையைச் செய்யாமல் விட்டார்கள் என்பதெல்லாம் அந்தக் கார்டில்தான் எழுதியிருக்கும்.